தொட்டி மட்டம் ஆடியது: துருவங்களோடு ஐந்து வருட அனுபவம்

பரந்தன் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு பப்பாளித் தோட்டம். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் மோட்டார் வால்வு வழியாகத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து சொட்டுநீர்க் குழாய்களுக்குப் போகும். மட்டத்தைப் பார்த்து வால்வைத் திறக்கும் கட்டுப்பாட்டை அமைத்தது நான். முதல் வருடம், மட்டம் சீக்கிரம் சரியாகட்டும் என்று மட்டக் குறைவுக்கு ஏற்ப வால்வு எவ்வளவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கம் k-ஐ 4 ஆக்கிவிட்டேன். அடுத்த நாள் மாமா கூப்பிட்டார்: "தம்பி, தண்ணி ஏறுது, இறங்குது, ஓரிடத்தில நிக்குதே இல்லை." மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 4 நிமிடம்.

அன்றிரவுதான் சமன்பாடுகளை எழுதினேன். வால்வு சொன்னதைச் செய்ய ஒரு நிமிடமளவு பிந்தும், சென்சர் அரை நிமிடம் பிந்தும். r வேண்டிய மட்டம், h உண்மை மட்டம், m சென்சர் காட்டும் மட்டம், q வால்வு வழியாக வரும் நீர். எல்லாமே வழமையான நிலையிலிருந்து விலகிய அளவுகள்.

```
dq/dt + q  = k(r - m)
dh/dt      = q
dm/dt + 2m = 2h
```

தொடக்க நிலைகளைப் பூச்சியம் என்று வைத்து லாப்லாஸ் உருமாற்றம் செய்தால் d/dt இருந்த இடமெல்லாம் s வரும். பிறகு வெறும் இயற்கணிதம்தான். Q-வையும் M-ஐயும் நீக்கினால் பரிமாற்றச் சார்பு கிடைக்கும்:

```
H/R = k(s + 2) / (s^3 + 3s^2 + 2s + 2k)
```

பகுதியைப் பூச்சியமாக்கும் s-கள்தான் துருவங்கள். ஒவ்வொன்றும் நேரத்தில் e^(st) என்ற உறுப்பாக வரும். மெய்ப்பகுதி எதிரென்றால் அது தேயும், நேரென்றால் வளரும். கற்பனைப்பகுதி ஆட்டத்தின் வேகத்தைச் சொல்லும்.

k = 4 போட்டால் ஒரு சோடித் துருவம் 0.083 ± 1.59j. மெய்ப்பகுதி நேர், அதாவது அது கற்பனை அச்சின் வலப்பக்கம். ஆட்டக்காலம் 2π/1.59, அதாவது ஏறத்தாழ 4 நிமிடம். மணிக்கூடு காட்டியதும் அதேதான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எல்லை k = 3; அங்கே சோடி ±1.41j-இல், சரியாகக் கற்பனை அச்சின்மேல் நிற்கும். k-ஐ 0.5 ஆக்கினால் சோடி −0.34 ± 0.56j-க்கு இடப்பக்கம் வந்துவிடும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். இன்றுவரை அந்த 0.5-தான்.

குறை ஒன்று உண்டு. k = 4 இல் ஆட்டம் முடிவில்லாமல் பெருகும் என்றுதான் துருவங்கள் சொல்கின்றன. தொட்டியிலோ அது ஓரளவுக்கு மேல் பெருகவில்லை, ஏனென்றால் வால்வு முழுதாகத் திறந்தோ மூடியோ முட்டி நின்றது. அந்த இடத்தில் சமன்பாடு நேரியல் இல்லை. ஆகவே மட்டம் ஒரே வீச்சில் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டால், k எல்லையில் நிற்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்; வால்வு இரு முனையிலும் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். முட்டினால் k எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும், கொஞ்சம் குறைத்தால் போதாது.