வாசல் கதவுக்கு நிறம் மாற்றி ஐந்து வருடம்: சிவப்பில் பட்டதும் நீலப்பச்சையில் கற்றதும்

எங்கள் வாசல் கதவு மேற்குப் பார்த்தது. சுவர் மஞ்சள் சாயல் கொண்ட வெளிர் சந்தன நிறம், கீழே இடுப்பளவுக்குச் சாம்பல் கல் பதிப்பு, ஜன்னல் சட்டங்கள் அடர் பழுப்பு. வீடு கட்டிய புதிதில் கதவுக்குப் பளிச்சென்ற சிவப்பு அடித்தோம். "வர்றவங்களுக்கு வீடு தூரத்திலேயே தெரியும்" என்றாள் மனைவி. முதல் வருடம் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடக் கடைசியில் கதவின் கீழ்ப்பாதி மட்டும் வெளுத்து ஒருவித ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. முன்கூரையின் நிழல் மேல்பாதியைக் காப்பாற்றியிருந்தது. துணியால் துடைத்தால் துணியில் சிவப்புப் பொடி ஒட்டியது. வெயிலில் பெயிண்டின் பசைப்பொருள் சிதைந்து நிறமி வெளியே வருவதற்கு அதுதான் அடையாளம். கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். பளிச் சிவப்பு, பளிச் மஞ்சள் இரண்டிலும் பெரும்பாலும் கரிம நிறமிகள்தான் இருக்கும். அவற்றில் பல புற ஊதாக் கதிருக்குச் சீக்கிரம் வெளுத்துவிடும். செங்கல் சிவப்பு, காவி மாதிரியான மண் நிறங்களில் இருப்பது இரும்பு ஆக்சைடு. அது அசையாது. சிவப்புதான் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதிக்கொண்டேன்: சுவர், கல், ஜன்னல் சட்டம், பித்தளையில் செய்த பெயர்ப்பலகை. கதவு இந்த நான்கோடும் ஒத்துப்போக வேண்டும். ஷேட் கார்டில் தபால்தலை அளவில் இருக்கும் நிறத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. இரண்டடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் துண்டுகள் மூன்று எடுத்து, பிரைமர் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை இரண்டு கோட் அடித்தேன். அடர் பழுப்பு, நடுத்தரச் சாம்பல், அடர் நீலப்பச்சை. ஒவ்வொன்றையும் கதவின் மேல் சாய்த்து, பெயர்ப்பலகையைக் கழற்றி அதன்மேல் வைத்து, கேட் பக்கம் போய் நின்று பார்த்தேன். காலை, உச்சி வெயில், சாயங்காலம், அப்புறம் விளக்கு போட்ட பிறகு. ஒரு வாரம் இதே வேலை. பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, ஓவியக் கண்காட்சியா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

சாம்பல் நிறம்தான் ஆச்சரியப்படுத்தியது. கடையில் சுத்தமான சாம்பலாக இருந்தது, எங்கள் சுவர் பக்கத்தில் வைத்ததும் லேசான ஊதாவாகத் தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் இருந்தால் கண் சாம்பலை அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது நீல ஊதா பக்கம், தள்ளிவிடும். பெயிண்டில் குறையில்லை, சுவரோடு சேர்த்துப் பார்க்காததுதான் குறை. அடர் பழுப்பு சுவருக்கும் ஜன்னலுக்கும் பொருந்தியது, ஆனால் கேட்டிலிருந்து பார்த்தால் கதவு எது, ஜன்னல் எது என்று பிரிந்து தெரியவில்லை. வருகிறவர் கண் வாசலைத் தேட வேண்டியிருந்தால் அந்த நிறம் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நீலப்பச்சை சந்தனச் சுவருக்கு எதிரில் தனியாக நின்றது, கல்லோடு சண்டை போடவில்லை.

பெயர்ப்பலகை விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதலில் எங்களிடம் இருந்தது வழவழப்பான ஸ்டீல் தகடு. எழுத்தைச் செதுக்கிக் கறுப்பு நிரப்பியிருந்தார்கள். மாலை வெயில் நேராக அதில் பட்டு கண்ணாடி போல அடிக்கும், எழுத்தே தெரியாது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் கேட்டிலேயே நின்று போன் செய்வார்கள். பித்தளைக்கு மாற்றியபோது பின்னணியை மங்கலாகத் தீற்றிவிட்டு எழுத்தை மட்டும் புடைப்பாகப் பளபளப்பாக விடச் சொன்னேன். அதுவும் சாம்பல் அடித்த பிளைவுட் துண்டின் மேல் கரைந்துபோனது. அடர் நிறத்தின் மேல்தான் எடுப்பாகத் தெரிந்தது.

இதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்ற கணக்கில் பல பெயிண்ட் நிறுவனங்கள் எல்.ஆர்.வி. என்ற பெயரில் தருகின்றன. பலகைக்கும் அதன் பின்னணிக்கும் இடையில் 30 புள்ளி வித்தியாசமாவது இருந்தால் கண் சிரமப்படாது. கதவு சுவரிலிருந்து பிரிந்து தெரிவதற்கும் இதே கணக்குதான்: நாங்கள் எடுத்த நீலப்பச்சை 8, சுவர் 70-ஐ ஒட்டி. எழுத்தின் உயரத்துக்கும் ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொண்டேன்: 3 மீட்டருக்கு 25 மி.மீ. எங்கள் கேட்டிலிருந்து கதவு 6 மீட்டர், அதனால் வீட்டு எண்ணை மட்டும் 50 மி.மீ. ஆக்கினோம். பெயர் சின்னதாகவே இருக்கிறது. அதைப் படிக்கிறவர் படியேறி வந்தவர்தானே.

அடித்த பிறகு வந்த முதல் ஏமாற்றம் இரவில். கதவுக்கு நேர் மேலே 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு, அதனால் நீலப்பச்சை கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரிந்தது. ராத்திரி வந்த மைத்துனர், "என்ன மாமா, கதவுக்குக் கறுப்பு அடிச்சுட்டீங்க?" என்றார். மாதிரிப் பலகையை இரவிலும் பார்த்தேனே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன், ஆனால் விளக்கின் நேர் கீழே சாய்த்து வைத்துப் பார்த்தேன். கதவு உள்வாங்கி நிழலில் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. மஞ்சள் கொஞ்சம் குறைந்த 3000 கெல்வினில், நிறத்தை நன்றாகக் காட்டும் விளக்காக வாங்கி, அதைக் கதவின் பக்கவாட்டுக்கு மாற்றினேன். நிறம் திரும்பி வந்தது, பலகையில் மேலிருந்து விழுந்த கூசலும் போய்விட்டது.

ஐந்து வருடக் கணக்கில் நிறம் வெளுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். குறைகளும் இருக்கின்றன. அடர் நிறத்தில் தூசி அப்பட்டமாகத் தெரியும், வாரம் ஒருமுறை ஈரத்துணி கட்டாயம். மாலை நாலு மணிக்குக் கதவைத் தொட்டால் கை சுடும். இரண்டாம் கோடையில் கீழ்ப் பலகை இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டது, சூட்டில் மரம் விரிந்து சுருங்கியதன் பலன். மேற்கு வெயில் நேராக விழும் கதவுக்கு, நிழல் இல்லையென்றால், இவ்வளவு அடர்த்தி வேண்டாம், ஒரு படி வெளிறிய நிறமே போதும் என்பது என் கருத்து. சாட்டின் பூச்சு எடுத்தது மட்டும் நல்ல முடிவு. முழுப் பளபளப்பாக இருந்திருந்தால் பட்டி போட்ட மேடுபள்ளம் எல்லாம் காட்டிக்கொடுத்திருக்கும், மேட் என்றால் தாழ்ப்பாள் பக்கம் கைக்கறை ஏறியிருக்கும்.

நான் செய்த ஒரு முட்டாள்தனம்: பலகையைக் கதவிலேயே வைத்துப் பித்தளை பாலிஷ் போட்டேன். சுற்றிலும் பெயிண்ட் மங்கி ஒரு வெள்ளை வளையம் விழுந்தது. மிச்சம் வைத்திருந்த பெயிண்டை அந்த இடத்தில் மட்டும் தொட்டுவைத்தேன். மூன்று வருட வெயில் பட்ட பூச்சின் நடுவில் புதுப் பூச்சு ஒட்டுப் போட்டது போல நின்றது. கடைசியில் அந்தப் பலகைக்கட்டம் முழுவதையும் விளிம்பு வரை உப்புத்தாள் தேய்த்து அடித்த பிறகுதான் சரியானது. இப்போதெல்லாம் இரண்டு திருகையும் கழற்றி, பலகையை உள்ளே கொண்டுபோய்த்தான் துடைக்கிறேன். அதன் முதுகில் ஷேட் எண்ணையும் அடித்த தேதியையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.