வெள்ளவத்தை அனெக்ஸுக்கு ரீவியா, புரொஜெக்டரா?

தங்கச்சி குடும்பம் போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸுக்கு மாறினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி ஹோல், மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். அதில் 65 அங்குல ரீவி வைப்பதா, புரொஜெக்டர் வாங்கி 100 அங்குலத்தில் பார்ப்பதா என்று மச்சான் கேட்டார். நான் அளவு நாடாவோடு போனேன்.

முதலில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. கறுப்பு என்று அது காட்டுவது வெளிச்சம் படாத சுவரைத்தான், அந்தச் சுவர் பகலில் எந்தளவு வெளிறித் தெரிகிறதோ அதுதான் உங்கள் படத்தின் கறுப்பு. கணக்காகவே பார்க்கலாம். 100 அங்குலப் படம் 221 சென்ரிமீட்டர் அகலம், 125 உயரம், அதாவது ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர். வெளிச்சத்தின் அளவை லூமனில் சொல்வார்கள், ஆன்சி லூமன் என்றால் ஒரு பொது முறைப்படி அளந்த லூமன். உண்மையாக 500 ஆன்சி லூமன் தரும் புரொஜெக்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 180 லூமன் கிடைக்கும். மெல்லிய திரைச்சீலை போட்ட ஹோலில் பின்னேரம் சுவரில் 100 விழுவது சாதாரணம். அப்போது படத்தின் வெள்ளை 280, கறுப்பு 100. வெள்ளை கறுப்பைவிட மூன்று மடங்குகூட இல்லை! பின்னேர கிரிக்கெட்டில் புல்லும் பந்தும் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும்.

ஜன்னலை மூடிக் கனமான திரைச்சீலை போடலாம்தான். ஆனால் கொழும்பு வெக்கையில் கடல் காற்றை அடைத்துவிட்டு எவ்வளவு நேரம் இருப்பது? ஏசி போட்டால் அதன் கரண்ட் செலவையும் புரொஜெக்டரின் செலவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மூத்தவள் அதே ஹோலில்தான் லைட் போட்டுப் படிக்கிறாள் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது இடம். புரொஜெக்டர் சின்னப் பெட்டி, இடம் மிச்சம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அதற்குச் சுவரிலிருந்து தூரம் தேவை. படத்தின் அகலத்தைப் போல் 1.2 மடங்கு தூரம் கேட்கும் மொடல் என்றால் 2.65 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பெட்டியின் நீளமும் பின்னால் வயருக்கான இடமும் சேர்ந்தால் மூன்று மீட்டர் போய்விடும். பன்னிரண்டு அடியில் அது சோபாவுக்குப் பின்னால், சமையலறைக்குப் போகும் வழியில்தான் வருகிறது. சரி, சீலிங்கில் மாட்டலாமே என்றால் நடுவில் ஃபேன். அதன் இறக்கை ஒளியை வெட்டும், மெல்லிய சீலிங் என்றால் அதிர்வில் படமும் நடுங்கும். பக்கவாட்டில் வைத்துப் படத்தைச் சாய்த்துச் சரிசெய்யும் வசதி இருக்கிறது, ஆனால் அது படத்தின் ஒரு பகுதியை வீணாக்கித்தான் நேராக்கும், எழுத்துகள் மங்கும்.

ரீவிக்கு வேறு சிக்கல். 65 அங்குலம் 145 சென்ரிமீட்டர் அகலம், தங்கச்சி வீட்டில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் 152தான் இருந்தது. அதைவிட மாடிப்படி வளைவுதான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் பெட்டியைப் படுக்க வைத்துத் தூக்கினால் பனல் வெடிக்கலாம், நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. காலில் நிறுத்த ரீவியின் இரண்டு காலும் பதியும் அளவுக்கு நீளமான மேசை வேண்டும்.

விலையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சின்ன புரொஜெக்டர் ரீவியின் விலையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், பெட்டியில் 9000 லூமன்ஸ் என்று போட்டிருக்கும். அதில் 'ஆன்சி' என்ற சொல் இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், உண்மையில் இருநூறு வந்தாலே பெரிது. '4கே சப்போர்ட்' என்பதும் அப்படித்தான், 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அர்த்தம். பகலிலும் தாங்கும் புரொஜெக்டர் 3000 லூமனுக்கு மேல் வேண்டும், அதன் விலை 65 அங்குல ரீவியை எட்டும், ஸ்பீக்கரும் தனியாக. லாம்ப் வகை 280 வாட் எடுத்தால் தினம் ஐந்து மணி நேரத்துக்கு மாதம் 42 யூனிட், 130 வாட் ரீவிக்கு 20 கூட வராது.

ஆகவே மச்சானுக்கு ரீவிதான் சொன்னேன், அதுவும் 55. அகலம் 123 சென்ரிமீட்டர்தான், படியிலும் ஏறும், வீடு மாறும்போதும் தூக்கலாம், அந்த ஹோலில் இரண்டு மீட்டரில் உட்கார்ந்து பார்க்க அது போதும்.

தனியாளாக ஒரு அறையில் இருந்து, இரவில் மட்டும் படம் பார்ப்பவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுபவர் என்றால் நான் புரொஜெக்டரையே சொல்வேன், பையில் போட்டுக்கொண்டு போகலாம். வாங்கும்போது கடையின் இருட்டறை டெமோவை மட்டும் பார்க்காமல், லைட்டைப் போடச் சொல்லி, சின்ன எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறந்து நான்கு மூலையிலும் வாசித்துப் பாருங்கள். நடுவில் தெளிவாகவும் மூலையில் கலங்கலாகவும் இருந்தால் அந்த லென்ஸை எந்த ஃபோகஸும் சரிசெய்யாது.