E-யா, Z-ஆ? 2-குளோரோபியூட்-2-ஈனில் முடிவெடுப்பது

CH₃–CCl=CH–CH₃: இரட்டைப்பிணைப்பின் ஒவ்வொரு கார்பனையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றின் தொகுதியை மற்றதன் தொகுதியோடு ஒப்பிடவே கூடாது.

இரண்டாம் கார்பனில் குளோரின் (அணு எண் 17) மெத்திலின் கார்பனை (6) முந்தும். மூன்றாம் கார்பனில் மெத்தில் ஹைட்ரஜனை (1) முந்தும்.

Z: முந்தும் தொகுதிகளான குளோரினும் மூன்றாம் கார்பனின் மெத்திலும் ஒரே பக்கம், மெத்தில்கள் எதிரெதிரே.
E: குளோரினும் அந்த மெத்திலும் எதிரெதிரே, மெத்தில்கள் ஒரே பக்கம்.

பலர் சறுக்குவது இங்கேதான். மெத்தில்கள் ஒரே பக்கம் இருப்பதைக் கண்டு சிஸ் என்று எண்ணி Z எழுதிவிடுகிறார்கள்; சரியான விடை E.

இரு கார்பனிலும் தலா ஒரு ஹைட்ரஜன் இருந்தால் சிஸ்–ட்ரான்ஸ் போதும். அங்கே சிஸ் என்றால் Z-தான். மூன்று அல்லது நான்கு தொகுதிகள் இணைந்த ஆல்கீனுக்கு E/Z-ஐயே எழுதுங்கள்.