டிவியும் பேசுகிறது, சவுண்ட்பாரும் பேசுகிறது

நண்பர் ஒருவர் சவுண்ட்பார் வாங்கப்போகிறாராம். உன்னுடையது எப்படி என்று கேட்டார். ஒலியில் குறையே இல்லை. முணுமுணுப்பாகப் பேசும் வசனம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் வாங்கிய நாள் முதல் என்னைப் படுத்தியெடுப்பது ஒரே தொல்லை. டிவி ஸ்பீக்கரும் சவுண்ட்பாரும் சேர்ந்து பேசுகின்றன. செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்வது போலிருக்கும்.

என் டிவியில் இரண்டும் சேர்ந்து ஒலிக்க மெனுவிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. Sound Output பகுதியில் TV Speaker, ஆப்டிகல் கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் Optical ஆகியவற்றோடு TV Speaker + Optical என்றும் ஒரு வரி. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் டிவி தானாக அந்த வரிக்குத் தாவிவிடும். சவுண்ட்பார் ஒலியைப் பதப்படுத்தி வெளியிடக் கொஞ்சம் நேரம் எடுப்பதால் டிவி முந்திக்கொள்ளும். இடைவெளி மிகச் சிறியதென்றால் குழாய்க்குள் பேசுவது போல் கேட்கும். பேச்சில் சுமார் 50 மில்லிசெகண்டைத் தாண்டினால் தனி எதிரொலியாகவே பிரியும்.

சந்தேகம் வந்தால் டிவி ரிமோட்டில் வால்யூமை சுழியத்துக்குக் கொண்டுபோங்கள். எதிரொலி போய், சவுண்ட்பார் மட்டும் அதே அளவில் பேசினால் இந்தக் கோளாறேதான். பல டிவிகளில் ஆப்டிகல் வழியே போகும் ஒலியின் அளவு மாறாது. வால்யூம் பட்டன் டிவி ஸ்பீக்கரை மட்டுமே குறைக்கும்.

படத்தோடு ஒலியைப் பொருத்த சவுண்ட்பாரில் இருக்கும் AV Sync அமைப்பைத் தொடாதீர்கள். அது சவுண்ட்பாரை இன்னும் தாமதமாக்குமே தவிர முன்னால் இழுக்காது. டிஜிட்டல் ஒலியை, சுருக்காத வடிவமான PCM-க்கு மாற்றினால் இடைவெளி சற்றுக் குறையலாம். ஆனால் ஆப்டிகலில் PCM இரண்டு சேனல்தான், சரவுண்ட் போய்விடும். அதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தோம்?

ஆப்டிகல் கேபிளில் ஒலி ஒரே திசையில் போகிறது. மறுமுனையில் என்ன இருக்கிறதென்று டிவிக்குத் தெரியாது, அதனால் தன் ஸ்பீக்கரை அணைக்க அதற்குக் காரணமும் இல்லை. HDMI கேபிளை, டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் ARC என்று எழுதிய போர்ட்டில் செருகி, கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் CEC-யை இரண்டிலும் இயக்கினால், ஒலியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சவுண்ட்பார் டிவிக்குச் சொல்லும். டிவி வாயை மூடிக்கொள்ளும். மாற்றிய பிறகு என் வீட்டில் எதிரொலி இல்லை. ஆனால் மின்சாரம் போய் வந்தால் சில நேரம் சவுண்ட்பார் ஊமையாகி, டிவி மட்டும் பேசும். இரண்டின் பிளக்கையும் கழற்றி, சில நிமிடம் விட்டுச் செருகினால் சரியாகிவிடும்.

இவ்வளவு நல்ல ஒலி கொடுக்கும் பொருளை வாங்காதே என்றுதான் நண்பரிடம் சொன்னேன். படம் பார்க்க உட்காரும்போதெல்லாம் மெனுவைத் துழாவும் பொறுமை அவருக்குக் கிடையாது. கேட்காமல் வாங்கினால், பெட்டியில் வரும் ஆப்டிகல் கேபிளைப் பிரிக்கவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.