ரேம் கூட்டித் தருவதாகச் சொல்லி 2,800 ரூபாயைச் சுருட்டிய கடை: எச்சரிக்கை

கணினிக் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், பழைய மடிக்கணினிகளை வாங்கி விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு சிறு கடையில் 2,800 ரூபாய் கொடுத்து ஏமாந்து வந்திருக்கிறேன். அதே வித்தையைக் கடைக்காரர் இன்னொருவரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என்னுடையது 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட விண்டோஸ் 10 மடிக்கணினி. பிரவுசரும் கணக்குத் தாளும் சேர்ந்து திறந்திருந்தால் திணறும். இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். கணினியை உள்ளே எடுத்துச் சென்றவர், சிறிது நேரத்தில் மூடியைத் துணியால் துடைத்தபடியே திரும்பி வந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நினைவகப் பக்கத்தில் Committed என்பதன் கீழே இருந்த 2.9/7.9 GB என்ற எண்ணில் விரலை வைத்து, "பாருங்க சார், எட்டு ஜிபி வந்துடுச்சு" என்றார். திரையிலேயே எட்டு தெரியும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? 2,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றார்.

அவர் கழற்றியதும் இல்லை, மாட்டியதும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் pagefile.sys என்று ஒரு மறைவான கோப்பு இருக்கிறது. ரேம் நிறையும்போது, சிறிது நேரமாகத் தொடப்படாத தரவை 4 கேபி அளவுள்ள பக்கங்களாக விண்டோஸ் அங்கே ஒதுக்கி வைக்கும். அந்தக் கோப்பின் அளவை 4096 எம்பி என்று மாற்றியமைத்ததுதான் அவர் செய்த முழு வேலை. Committed என்பதில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், ரேமையும் பேஜ் ஃபைலையும் கூட்டிய மொத்த வரம்பு. உண்மையான ரேம் அளவு அதே பக்கத்தின் வலது மேல் மூலையில் 4.0 GB என்று இருந்தது. அதை அவர் காட்டவில்லை.

கடையில் கணினி வேகமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அப்போதுதான் இயக்கப்பட்டிருந்தது, எல்லாம் ரேமுக்குள் அடங்கியது. வீட்டில் வழக்கமான வேலையைத் தொடங்கியதும் பழைய திணறல் அப்படியே திரும்பியது. பிரவுசரிலிருந்து கணக்குத் தாளுக்கு மாறினால், அதன் பக்கங்கள் வெளியே ஒதுக்கப்பட்டிருப்பதால், நிரல் நின்று, அவை டிஸ்க்கிலிருந்து திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும்; சுழலும் டிஸ்க்கில் சுமார் 10 மில்லி நொடி, அதாவது ஒரு லட்சம் மடங்கு ஆகிறது. சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுக்க நேர்ந்தால் நொடிக்கு நூறு பக்கம், வெறும் 400 கேபி. அந்தக் கணக்கில் 40 எம்பி திரும்பி வர 100 நொடி ஆகும். அடுத்தடுத்த பக்கங்களை விண்டோஸ் சேர்த்துப் படிப்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது என்றாலும், அவற்றுக்கு இடம் கொடுக்க வேறு பக்கங்களையும் அதே டிஸ்க்கில் எழுதியாக வேண்டியிருக்கிறது. இவ்வளவு நேரமும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசஸர் பெரும்பாலும் சும்மா இருந்தது. ரிசோர்ஸ் மானிட்டரில், நொடிக்கு எத்தனை முறை டிஸ்க்கிலிருந்து பக்கங்களை எடுக்க நேர்ந்தது என்று காட்டும் Hard Faults/sec கோடு உச்சியைத் தொட்டபடியே இருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டபோது, வைரஸ் இருக்கும், ஃபார்மட் அடிக்க இன்னும் 500 ரூபாய் ஆகும் என்றார். டாஸ்க் மேனேஜரில் Slots used என்ற இடத்தில் 1 of 2, அதாவது ரேம் மாட்டும் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் ரேம் இருக்கிறது என்று இருப்பதைக் காட்டியதும் பேச்சு மாறியது: "விர்ச்சுவல் ரேமும் ரேம்தான் சார், இப்ப போன்லயே அப்படித்தானே வருது?" போனில் வருவதை யாரும் 2,800 ரூபாய்க்கு விற்பதில்லை என்றேன். முதலாளி ஊரில் இல்லையாம். பிறகு தொலைபேசியையும் எடுக்கவில்லை. செலவே இல்லாமல் எவரும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்புக்கு 2,800 ரூபாய்!

விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் முடியவில்லை. ரேம் போடுவதாக இருந்தால் உங்கள் கண்முன்னே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், பவர்ஷெல்லில் இதைத் தட்டுங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select Capacity
```

மாட்டியிருக்கும் ஒவ்வொரு ரேமுக்கும் ஒரு வரி வரும்; 4 ஜிபி என்றால் 4294967296. எனக்கு ஒரே வரிதான் வந்தது. போர்டிலேயே பற்றவைத்த ரேமும் பொதுவாக இதில் ஒரு வரியாகத் தெரியும் என்பதால், வேலைக்கு முன்பும் ஒருமுறை தட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். பில் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். ஆத்திரத்தில் பேஜ் ஃபைலை அடியோடு அணைத்துவிடவும் வேண்டாம். ரேம் நிறைந்த அந்த நொடியில், மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும்.