கோடு போட்டு வாசிப்பதா, போனில் பதிவு செய்வதா?

வேலூரில் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்பது இதுதான்: வீட்டிலேயே பேச்சைத் திருத்த எது நல்லது?

செலவு: சொல்லப்போவதை எழுதி, நிறுத்தும் இடங்களில் கோடு போட்டு வாய்விட்டு வாசிக்க, பென்சில் போதும். பதிவுக்கு, கையில் இருக்கும் போன்.

எதைத் திருத்தும்: வாசிப்பு மூச்சையும் இடைவெளியையும் சரிசெய்யும். "என் ஊர் ஆரணி / பி.காம். முடித்தேன் / ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் / கணக்கு பார்த்தேன் //" என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கோட்டில் சின்ன நிறுத்தம், இரட்டைக் கோட்டில் முழு மூச்சு.

பதிவு, நம் காதுக்குத் தப்புவதைக் காட்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். "பார்த்தேன்" வெறும் "பார்த்த..." என்று தேய்ந்தால், சொன்ன விஷயமே போச்சு. அப்படித் தேய்ந்தால் அந்த வினைக்கு முன் ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள்.

சிரமம்: பதிவில் குரல் மெலிந்து கேட்கும். பேசும்போது மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, போனில் அது இல்லை, அவ்வளவுதான். வாசிப்பிலோ ராகம் ஒட்டிக்கொள்ளும்.

மூச்சு வாங்குகிறவர்களுக்கு வாசிப்பு. வேகமாகப் பேசி "என்ன, என்ன?" என்று கேட்கப்படுகிறவர்களுக்குப் பதிவு. இன்டர்வியூவுக்கு நாலு நாள்தான் இருக்கிறதா? என் ஓட்டு பதிவுக்கு.