மேடை முழுக்க ஒரிஜினல் பூ என்றால், எத்தனை கட்டு என்று கேளுங்கள்

போன ஆவணியில் திண்டுக்கல்லில் என் தங்கை வரவேற்பு. மேடையின் பின்சுவர் 20 அடி அகலம், 8 அடி உயரம். அது முழுக்க ஒரிஜினல் ரோஜா, துணி, லைட், ஆள்கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 85,000 என்றார் டெக்கரேஷன்காரர். மொத்தமாகச் சொன்னதால் பேரம் பேச எளிது என்று நினைத்து 80,000க்கு முடித்து, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன்.

அன்று மாலை மேடைக்கு அருகில் போனபோதுதான் தெரிந்தது. சோபாவுக்குப் பின்னால் ஆறு பேனல் மட்டும் நிஜ ரோஜா, மீதி 34 பேனலும் துணிப்பூ. இதழ் ஓரங்களில் தூசி, இலைக்கடியில் பழைய பசை. கேட்டால், "போட்டோவில் வித்தியாசம் தெரியாது சார்" என்றார். விருந்தினர் வரத் தொடங்கிவிட்டார்கள். சண்டை போட முடியவில்லை. இரவு மீதிப் பணத்தோடு வண்டி வாடகை 3,500 தனி என்று அதையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். விரிந்த ரோஜா சுமார் 2 அங்குலம் என்று வைத்தால், இடைவெளி இல்லாமல் ஒரு சதுர அடியை நிரப்ப 36 பூ வேண்டும். 160 சதுர அடிக்கு 5,760 பூ. கட்டுக்கு 20 என்றால் 288 கட்டு. முகூர்த்த நாளில் கட்டு 200 ரூபாய்க்குப் போனது, ஆக பூவுக்கு மட்டுமே 57,600. நசுங்குவது, வாடுவது தனி. மீதி 22,400-இல் துணி, லைட், ராத்திரி கட்டும் ஆட்கள், அவிழ்க்கும் ஆட்கள், வண்டி, அவர் லாபம் எல்லாம் அடங்குமா? நான் ஒத்துக்கொண்ட அன்றைக்கே அது நடக்காத விலை.

எங்களுக்கு வைத்த ஆறு பேனல் 24 சதுர அடி. அதற்கு 44 கட்டு, 8,800 ரூபாய்தான். துணிப்பூ பேனலை 1,200க்கு வாங்கி 25 விசேஷத்துக்குப் பயன்படுத்தினால் ஒரு முறைக்கு 48 ரூபாய். கழுவுவது, லாபம் சேர்த்து 150 வாங்கினாலும் 34 பேனலுக்கு 5,100. அவர் பழைய சரக்கைப் பயன்படுத்தியது தவறில்லை, இரும்பு ஃபிரேமும் சாட்டின் துணியும் எல்லோருக்கும் திரும்ப வருவதுதான். அதை நிஜப் பூவின் விலைக்கு விற்றதுதான் மோசடி.

அடுத்த மாதம் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. இந்த முறை வேறொருவரிடம் நிஜப் பூ எத்தனை கட்டு, துணிப்பூ எத்தனை பேனல், லைட் எத்தனை, எத்தனை ஆள், வண்டி போக வர எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கியிருக்கிறோம். பூக்கட்டு மண்டபத்துக்கு வந்திறங்கும்போது எண்ண மாமா நிற்பார். எண்ணிய பிறகே இரண்டாவது தவணை.